பெயர் சொல்லாத 'நீ'

கவிதை எழுதும் ஆணிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. கவிதை எழுதும் பெண்ணிடம் அதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. "யார் அந்த 'நீ'?"

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வீட்டில் சிரிக்காமல் கேட்பார்கள். கணவனை 'நீங்க' என்று அழைக்கும் ஊரில், பெயரைச் சொல்லாமல் 'என்னங்க', 'இந்தாங்க', 'மாமா' என்று மட்டும் கூப்பிடும் வீட்டில், மருமகள் எழுதிய தாளில் 'நீ' என்று இருந்தால் இரண்டில் ஒன்றுதான். அது கணவன் என்றால் மரியாதை போயிற்று. கணவன் இல்லை என்றால் எல்லாமே போயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் கவிதைகளில் 'நீ'யை எல்லாம் அடித்துவிட்டு 'மழை' என்று மாற்றினாள். மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கவிதையும் படுத்துவிட்டது.

ஏன் படுத்தது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பெயர் சொல்லாத ஒருத்தியை, ஒருவனை நோக்கி நேராகப் பேசும்போது கேட்பவருக்கும் கவிதைக்கும் நடுவில் இருக்கும் தூரம் எப்படி மாறுகிறது? அந்த மாற்றத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நான் பாடம் நடத்துவது காரிமங்கலத்தில். தகடூர் நாட்டு மண் இது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இங்கே பேருந்து நிலையத்திலும் பள்ளிக்கூட மேடையிலும் கேட்கும். அவனோடு சேர்ந்து ஔவையார் பெயரும் கேட்கும். 1953இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கோலூன்றி வந்தாரே, அந்தப் பாட்டி நினைவுக்கு வந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் சொல்வது சங்கத்து ஔவை. அவள் பெயரில் 59 பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. 33 புறம், 26 அகம். ஒரே கவி இரண்டு விதமான 'நீ'யை வைத்து வேலை செய்ததைப் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழில் எனக்குத் தெரியாது.

புறநானூற்றின் 91ஆம் பாட்டு எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியை அஞ்சி தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அவள் அவனை அவன் குடிப்பெயரும் சொந்தப் பெயரும் சொல்லி அழைக்கிறாள், 'நீ' என்கிறாள், நீ நிலைத்து வாழ வேண்டும் என்கிறாள். இந்த 'நீ'க்கு முகவரி இருக்கிறது. அதனால் கேட்கிற நமக்கும் ஓர் இடம் தெளிவாக இருக்கிறது. நாம் அவையில் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் ஒருத்தி நின்று ஒருவனைப் பாராட்டுகிறாள். நாம் சாட்சிகள். மகிழலாம், கை தட்டலாம். ஆனால் அந்த வாழ்த்து நம்மேல் ஒரு துளியும் விழாது. அது அஞ்சிக்கு உரியது.

அதே அஞ்சி இறந்தபின் அவள் பாடியவற்றைப் பாருங்கள். புறநானூற்றில் 231, 232, 235. மூன்றிலும் 'நீ' இல்லை. 'அவன்' ஆகிவிட்டான். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறைய கிடைத்தால் நாங்கள் பாட அவனும் உடன் உண்பான் என்று 235ஆம் பாட்டு அவனைப் பற்றிப் பேசுகிறது, அவனிடம் பேசவில்லை. அவன் பெயரும் அதில் இல்லை. இன்றைக்கு நாம் எழுதும் இரங்கற்பாக்களில் இறந்தவரைத்தான் 'நீ, நீ' என்று விடாமல் அழைக்கிறோம். ஔவை அப்படிச் செய்யவில்லை. காது இல்லாத இடத்தில் அவள் 'நீ'யை வைக்க மறுத்தாள் என்று நான் வாசிக்கிறேன். 'நீ' என்பது அவளுக்கு அலங்காரம் இல்லை. எதிரே ஆள் இருந்தால்தான் அது உண்டு.

அகப்பாட்டில் விதி தலைகீழ். அன்பின் ஐந்திணையில் வருகிற யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்கிறது. விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. பிரிந்திருக்கும் அரசியின் துயரத்தைச் சொல்லும் பாட்டு அது, பார்த்தால் அகம்தான். ஆனால் அரசன் பாசறையில் வரும் வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அந்த ஓர் அடையாளத்தால் அதைப் புறமாகக் கொள்ள வேண்டும் என்று உரை மரபு சொல்லிவிட்டது. பெயர்கூட வேண்டாம், ஒரு வேப்பந்தழை போதும்.

ஏன் இந்தக் கறார்? ஒழுக்கத்தைக் காப்பதற்கு என்று எங்கள் ஆசிரியர்கள் சொன்னார்கள். காதலித்த பெண்ணின் பெயர் வெளியே வந்தால் அவளுக்கு அலர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் பார்ப்பது இன்னொன்று. பெயர் இருந்தால் கேட்பவர் அவையில் உட்கார்ந்துவிடுவார். பெயர் இல்லாவிட்டால் அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. எங்கே நிற்பது என்று அவரே தேட வேண்டும்.

அதைத் தேடுவதற்கும் நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. செய்யுளியல் ஒரு பாட்டின் உறுப்புகளை எண்ணும்போது, யார் சொல்வது என்ற 'கூற்று'க்கு அடுத்து 'கேட்போர்' என்பதையும் ஓர் உறுப்பாக வைக்கிறது. கேட்பவர் பாட்டுக்கு வெளியே காது கொடுத்து நிற்பவர் இல்லை, பாட்டின் கை கால் போல ஓர் அங்கம். இன்னொரு உறுப்பு 'முன்னம்'. இதை இன்னார் இன்னாரிடம் இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று பாட்டை வைத்தே உணர்ந்துகொள்வது. நாம் இன்று பதிப்புகளில் காணும் 'தோழி தலைவிக்கு உரைத்தது' போன்ற குறிப்புகள் அந்த முன்னத்தை யாரோ நமக்காக முன்கூட்டியே செய்து வைத்தவை. வகுப்பில் அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டுதான் வாசிக்கச் சொல்வேன். விடைத்தாளைப் பார்த்துவிட்டு விடுகதை கேட்பதில் என்ன இருக்கிறது?

அப்படி மறைத்து வாசிக்க ஏற்றது ஔவையின் குறுந்தொகை 23. ஐந்தே அடி. ஒருத்தி, குறி சொல்லும் மூதாட்டியை அழைக்கிறாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அவள் கூந்தல் சங்குமணி கோத்ததுபோல் வெளுத்து நீண்டிருக்கிறது. பாடு, இன்னும் பாடு, அவருடைய மலையைப் பாடினாயே அந்தப் பாட்டைப் பாடு என்கிறாள். முடிந்தது.

முதல் வாசிப்பில் மாணவிகளுக்கு இது ஒரு கிழவியிடம் பாட்டுக் கேட்பது மட்டும்தான். "இதுல என்ன மேம் இருக்கு?" என்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி 'அவர்' என்ற சொல்லில் இடறுவாள். எவர்? பாட்டில் அதற்கு முன்னால் எந்த ஆணும் இல்லை. பெயரும் இல்லை. திடீரென்று ஒரு 'அவர்' வந்து நிற்கிறது. அப்போதுதான் களம் திறக்கும். பெண் மெலிகிறாள்; ஏதோ தெய்வம் பிடித்திருக்கிறது என்று தாய் கட்டுவிச்சியை வரவழைத்து, முறத்தில் நெல்லை வைத்துக் குறி பார்க்கிறாள். கட்டுவிச்சி வழக்கப்படி மலைகளைப் பாடிக்கொண்டு வருகிறாள். அதில் ஒரு மலை தலைவனுடையது. தோழி சட்டென்று குறுக்கே பாய்ந்து, அதை மறுபடி பாடு என்கிறாள். சொல் போவது கட்டுவிச்சியிடம். போய்ச் சேர வேண்டியது பக்கத்தில் நிற்கும் தாயிடம். இதைத்தான் 'அறத்தொடு நிற்றல்' என்கிறார்கள்.

தாயிடம் நேரே, "உன் மகள் ஒருவனை விரும்புகிறாள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அது ஒரு புகார். தாய் அதை ஏற்க வேண்டும் அல்லது அடிக்கக் கை ஓங்க வேண்டும். வேறொருத்தியை 'நீ' என்று அழைத்ததால் தாய்க்கு ஒரு கணம் கிடைக்கிறது. அந்தக் கணத்தில், எவர் அந்த 'அவர்' என்ற கேள்வி அவள் மனத்திலேயே பிறக்கிறது. பிறர் சொல்லிக் கேட்டது மாதிரி இல்லாமல் தானே கண்டுபிடித்தது மாதிரி ஆகிறது. வேலிக்கு வெளியே தலைவன் நிற்க, உள்ளே தோழி தலைவியிடம் பேசும் 'சிறைப்புற'ப் பாட்டுகளிலும் இதே வேலைதான் நடக்கிறது.

இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில், 1833இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொற்பொழிவையும் கவிதையையும் பிரித்தார். சொற்பொழிவு நாம் கேட்பதற்காகப் பேசப்படுவது, கவிதை தனியே பேசுபவரின் குரல் நம் காதில் தற்செயலாக விழுவது என்ற பொருளில். ஆங்கில இலக்கிய மாணவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். ஔவையின் தோழி இதைவிட விவரமானவள். அவளுக்குத் தற்செயல் எதுவும் இல்லை. யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்தேதான் பேசுகிறாள்.

தமிழ் இலக்கணம் இதில் பெண்களுக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறது. படர்க்கையில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றே பாலைக் காட்டிக் கொடுத்துவிடும். முன்னிலையில் 'வந்தாய்' என்பதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைத்து எழுதும் காதல் கவிதை, ஒரு 'டி'யோ 'டா'வோ நழுவாதவரை, ஊர் நடுவே நின்று படிக்கலாம். எத்தனை கவிதைகள் அப்படி நம் முன்னால் படிக்கப்பட்டுப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஆனால் பாலில் கொடுத்ததை மரியாதையில் பிடுங்கிக்கொள்கிறது. 'நீ'யா, 'நீங்க'ளா என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒருவரை அழைக்க முடியாது. வீட்டில் 'நீங்க' என்பவள் தாளில் 'நீ' என்று எழுதும்போது நெருக்கம் மட்டும் அல்ல, ஒரு சமத்துவமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டார் எரிச்சல்படுவது சும்மா இல்லை. அவர்கள் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

இனி வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பள்ளியில் கூடப் படித்த தோழியைப் பற்றியது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்பின் நடுவில் கல்யாணம் செய்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெஞ்சு அப்படிக் காலியானதுதான். முதல் வடிவத்தில் தோழியின் பெயர் இருந்தது. மற்றபடி இப்படிப் போயிற்று:

ஒன்பதாம் வகுப்பில் அவள் நின்றுவிட்டாள்
தை மாதம் கட்டிக் கொடுத்தார்கள்
அவள் பெஞ்சில் இன்று வேறொருத்தி

படித்துக் காட்டியபோது வகுப்பில் எல்லோரும் "பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லிலேயே தூரம் தெரிகிறது. 'அவள்' அங்கே, நாம் இங்கே. அவர்கள் அவையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

'நீ'யாக மாற்றிப் பார் என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள்:

நீ ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டாய்
உன்னைத் தை மாதம் கட்டிக் கொடுத்தார்கள்
உன் பெஞ்சில் இன்று வேறொருத்தி

இது முன்னதைவிட மோசம். எதனால் என்று வகுப்பையே கேட்டேன். கடைசி வரிசையில் ஒருத்தி சொன்னாள், "அவளுக்குக் கல்யாணமானது அவளுக்கே தெரியாதா மேம்?" அவ்வளவுதான் விஷயம். 'நீ'யை எழுதும் பெரும்பாலான கவிதைகள் விழுவது இந்தக் குழியில்தான். எதிரில் இருப்பவளுக்குத் தெரிந்ததையே அவளிடம் சொல்கிறோம். ஏன் சொல்கிறோம் என்றால் பின்னால் நிற்கும் எங்களுக்காக. கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். 'நீ' பெயருக்கு நிறுத்தி வைத்த பொம்மை என்று கண்டுகொள்வார். இதைச் சோதிக்க எளிய வழி: எல்லா 'நீ'யையும் 'அவள்' ஆக்கிப் படியுங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அங்கே முதலிலேயே யாரையும் அழைக்கவில்லை.

மூன்றாவது முறை அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். அவள் எதிரே வந்து நின்றால் என்ன பேசுவாயோ அதை மட்டும் எழுது. எங்களுக்கு எதையும் விளக்காதே. ஒரு வாரம் ஆயிற்று. வந்தது இது:

உன் இடத்தில் புளியங்காய் வைத்திருக்கிறேன்
பெயர் கூப்பிடும்போது டீச்சர்
அந்த இடத்தில் இன்னும் ஒரு நொடி நிறுத்துகிறார்
சுடிதாரைத் திருப்பித் தர வேண்டாம்
வைத்துக்கொள்

கல்யாணம் என்ற சொல்லே இல்லை. 'நீ' என்ற சொல்லும் இல்லை. 'உன்' ஒன்று, மற்றபடி 'வைத்துக்கொள்' என்ற ஏவலுக்குள் அது ஒளிந்திருக்கிறது. தமிழில் முன்னிலை வினையிலேயே இருப்பதால் 'நீ'யை அடிக்கடி எழுத வேண்டியதில்லை. எழுத எழுத அது விரல் நீட்டிக் குத்துவதுபோல் ஆகும். எந்தச் சுடிதார், எப்போது இரவல் போனது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பக்கத்தில் போனோம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு துணி நடுவில் கிடக்கிறது. குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த முறை "பாவம்" என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருத்தி தன் வகுப்பில் காலியான பெஞ்சைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். 'வைத்துக்கொள்' என்பது சிலருக்குத் தாம் சொல்ல வேண்டிய சொல்லாகவும், இரண்டு பேருக்குத் தம்மிடம் சொல்லப்பட்ட சொல்லாகவும் கேட்டிருக்கிறது. அந்த இருவரும் படிப்புக்கு நடுவில் கல்யாணமாகி மறுபடி படிக்க வந்தவர்கள்.

எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று இதை எழுதியிருந்தால் யாருக்கும் பொருந்தியிருக்காது. சினிமாப் பாட்டில் பாதிக்குப் பாதி வரும் 'நீ' நிலா, மழை, பூ என்று யாருக்கும் பொருந்தும் அளவில் தைத்தது. கடையில் தொங்கும் சட்டைதான் அது. அதைக் கேட்டு யாரும் தன் பெஞ்சைப் பற்றிப் பேசத் தொடங்கியதில்லை.

ஆனால் அந்த மாணவி என்னிடம் கேட்ட கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பெயரை எடுத்ததால் தோழியைக் காப்பாற்றினோம், சரி. அவளைக் கட்டிக் கொடுத்தவர்களையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டோமே?

இதற்குச் சமாதானம் சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். 1098க்கு அழைத்தால் பெயர், வயது, ஊர் என்று கேட்பார்கள். அங்கே 'நீ' என்று பேசி ஆகாது. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் கவிதையை நீட்டுவது கோழைத்தனம். அதேபோல், பெயர் சொல்ல உரிமை இல்லாத இடத்தில் உண்மையின் பெயரால் ஒருத்தியின் பெயரைப் போடுவது இன்னொரு அத்துமீறல். அவள் வாழ்க்கையை ஏற்கனவே ஒருமுறை அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் கேட்காமல் எடுத்து மேடையில் வைப்பதா? ஔவையின் தோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவளும் தலைவியைக் கேட்டுவிட்டுப் பேசினாளா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் தலைவி அதே வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வேண்டாம் என்றால் தடுக்கலாம். நாம் எழுதும் 'நீ' பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவரை நோக்கிப் பேசும் சுகம் ஒன்று இருக்கிறது. திட்டலாம், கெஞ்சலாம், மன்னிக்கலாம், எதிர்ப்பேச்சு வராது. ஆண் கவிகள் பெண்களை நோக்கி நூற்றாண்டுகளாக அனுபவித்த சுகம் அது. நாம் எழுத வந்ததும் அதையே எடுத்துக்கொண்டால் என்ன மாறியது?

அதனால் அவளிடம், ஆண்டு விழாவில் படிப்பதற்கு முன் அதை உரியவளுக்குப் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள். இப்போது அந்தத் தோழி இரண்டு குழந்தைகளோடு பாலக்கோடு பக்கம் இருக்கிறாள். மதியத்தில் மாமியார் தூங்கும் நேரம் போன் எடுப்பாள்.

படித்துக் காட்டியதும் அந்தப் பக்கம் சிரிப்புத்தான் கேட்டதாம். "அந்தச் சுடிதார் எங்கடி இருக்குது, தொட்டிலுக்குக் கிழிச்சுட்டேன்" என்றாளாம். பிறகு, "புளியங்கா இல்லடி, கொடுக்காப்புளி. நீதான் மறந்துட்ட" என்றாளாம். படிக்கலாமா என்று கேட்டதற்கு, "படி. டீச்சர் பேரையும் போடு" என்றாளாம்.

மாணவி கொடுக்காப்புளி என்று மாற்றினாள். டீச்சர் பெயரைப் போடவில்லை.